எச்-4 விசாவில் இருக்கும் மனைவிக்கு எந்த வழி: காத்திருப்பதா, படிப்பதா, சொந்தமாக எச்-1பி வாங்குவதா?

போன வருடம் ஜூன் மாதம் என் சித்தி மகள் கல்யாணம் முடிந்து டெக்சாஸ் வந்து சேர்ந்தாள். சென்னையில் ஆறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தவள். வந்த மூன்றாவது வாரம் வங்கியில் கணக்குத் திறக்கப் போயிருக்கிறாள். வேலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், எதிரில் இருந்தவர் தானாகவே 'ஹோம்மேக்கர்' என்று தட்டி நகர்ந்துவிட்டார். அன்று இரவு எனக்குப் போன் செய்து, "அக்கா, எம்.எஸ். சேரட்டுமா, இல்லை ஈ.ஏ.டி. வரட்டும் என்று காத்திருக்கட்டுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்" என்றாள்.

நானும் நான்கு வருடம் எச்-4-ல் இருந்தவள்தான். அவளுக்காக நாங்கள் போனில் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்குப் பொருந்தியது உங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் கணக்குப் போடும் முறை எல்லாருக்கும் ஒன்றுதான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எனக்கு எது பிடிக்கும்' என்பது அல்ல. 'கணவரின் கிரீன் கார்டு ஃபைல் இன்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது' என்பதுதான். இந்த ஒரு தேதி தெரியாமல் எந்த வழியையும் இன்னொன்றோடு ஒப்பிட முடியாது.

ஏன் என்று சொல்கிறேன். எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கலாம், கார் ஓட்டலாம், கணக்குத் திறக்கலாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாது. 2015 மே 26 முதல் இதில் ஒரு விலக்கு இருக்கிறது. கணவருக்காகக் கம்பெனி போடும் கிரீன் கார்டு மனுவான ஐ-140 ஒப்புதல் பெற்றிருந்தால் மனைவி ஈ.ஏ.டி. எனப்படும் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். ஐ-140 வராவிட்டாலும், கிரீன் கார்டு வேலை ஓடிக்கொண்டிருப்பதால் கணவரின் எச்-1பி ஆறு வருட எல்லையைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தால் விண்ணப்பிக்கலாம். இந்த விதியை எதிர்த்துப் பல வருடம் வழக்கு நடந்தது. 2024 ஆகஸ்டில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. ஆகவே இன்றைக்கு அந்த விலக்கு உயிரோடு இருக்கிறது. அதை ஆள்பவர்களே விதி மாற்றி எடுத்துவிடலாம் என்ற பேச்சும் கூடவே இருந்துகொண்டுதான் இருக்கிறது.

கிரீன் கார்டு கையில் கிடைக்க இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். இதனால் பலர் 'ஈ.ஏ.டி.யும் அப்படித்தான் ஆகும்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. ஈ.ஏ.டி.க்கு வரிசை முடிய வேண்டியதில்லை. ஐ-140 ஒப்புதல் போதும். அது வரிசையின் தொடக்கத்தில் கிடைப்பது.

ஈ.ஏ.டி.க்குக் காத்திருந்தால்

கம்பெனி முதலில் தொழிலாளர் துறையிடம் அந்த வேலைக்கான சம்பள நிர்ணயம் கேட்கும். அதற்குச் சில மாதங்கள். அப்புறம் விளம்பரம் கொடுத்து, உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட இரண்டு மூன்று மாதங்கள். பிறகு பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்றுக்கான விண்ணப்பம். இங்கேதான் ஃபைல் நீண்ட நாள் தூங்கும். இப்போதைய நிலவரத்தில் ஒரு வருடத்துக்கு மேலாகவே ஆகிறது. அதன் பின் ஐ-140. இதற்குக் கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாட்களில் முடிவு தெரிந்துவிடும். மொத்தமாகப் பார்த்தால், கம்பெனி வேலையைத் தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் என்று மனதில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்குப் பிறகு ஈ.ஏ.டி.க்கான ஐ-765 படிவம். 2024 ஏப்ரல் முதல் கட்டணம் 520 டாலர். அட்டை வரச் சில மாதங்கள்.

சரி, என் தங்கையின் கணவர் நிலை என்ன? 2023 அக்டோபரில் எச்-1பி தொடங்கியது. அவருடைய கம்பெனியில் இரண்டு வருடம் முடிந்த பிறகுதான் கிரீன் கார்டு வேலை ஆரம்பிப்பார்கள். 2026 ஜனவரியில் ஆரம்பம் என்று எழுத்தில் வாங்கிவிட்டார். இதைக் கூட்டினால் ஐ-140 வருவது 2028 தொடக்கம். ஈ.ஏ.டி. கைக்கு வருவது 2028 நடுவில். அவள் வந்தது 2025 ஜூன். அதாவது மூன்று வருடம்.

'ஆரம்பிப்பார்கள்' என்று கணவர் வாயால் சொன்னதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நான் இதை அனுபவத்தில் கற்றேன். என் கணவர் அப்போது இருந்த இடத்தில் 'அடுத்த காலாண்டு' என்று சொல்லிக்கொண்டே ஒன்றரை வருடம் போனது. இந்த வருடம் வந்துவிடும் என்று நம்பி நான் கல்லூரியில் சேராமல் இருந்துவிட்டேன். இழந்தது பணமல்ல, அந்த ஒன்றரை வருடம். அதனால் கணவர் ஹெச்.ஆரிடம் மூன்றே கேள்வி கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கட்டும்: எந்த மாதம் தொடங்குகிறீர்கள், எந்த வழக்கறிஞர், சம்பள நிர்ணய மனு எப்போது போகும். பதில் வராவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

காத்திருக்கும் வழியின் நல்ல பக்கம், செலவு மிகக் குறைவு. ஈ.ஏ.டி. வந்துவிட்டால் எந்தக் கம்பெனியிலும், எந்த வேலையும், பகுதி நேரமாகவும், சொந்தத் தொழிலாகவும் செய்யலாம். எந்த முதலாளியின் மனுவும் தேவையில்லை. எச்-1பி-யில்கூட இந்தச் சுதந்திரம் கிடையாது.

கெட்ட பக்கம் புதுப்பிக்கும்போது தெரியும். அட்டையின் ஆயுள் உங்கள் எச்-4 தேதியோடு கட்டப்பட்டது, உங்கள் எச்-4 தேதியோ கணவரின் எச்-1பி-யோடு கட்டப்பட்டது. முன்பெல்லாம் புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டால் பழைய அட்டை 540 நாள் வரை தானாக நீளும். 2025 அக்டோபர் 30 அன்றும் அதற்குப் பின்னும் போட்ட விண்ணப்பங்களுக்கு அந்தத் தானியங்கி நீட்டிப்பு இல்லை. அட்டை முடிந்த அன்று புதியது வரவில்லையென்றால் வேலையை நிறுத்த வேண்டும். சம்பளமில்லா விடுப்பில் வைக்க எல்லாக் கம்பெனியும் ஒத்துக்கொள்ளாது. ஆகவே கணவரின் எச்-1பி நீட்டிப்பையும் உங்கள் எச்-4-ஐயும் ஈ.ஏ.டி.யையும் சேர்த்து, சட்டம் அனுமதிக்கும் முதல் நாளிலேயே, அதாவது முடிவுக்கு ஆறு மாதம் முன்பே, அனுப்ப வேண்டும். கம்பெனி வழக்கறிஞர்கள் கடைசி இரண்டு மாதம்வரை இழுப்பது வழக்கம். கணவர்தான் விடாமல் நச்சரிக்க வேண்டும்.

சொந்தமாக எச்-1பி

ஒரு முக்கியமான கேள்வியை இங்கே முதலில் கேட்டுவிடுங்கள். இதற்கு முன் எப்போதாவது உங்கள் பெயரில் எச்-1பி ஒதுக்கீடு கிடைத்து வேலை பார்த்தீர்களா? உதாரணமாக, வேலை போனதால் கணவரின் எச்-4-க்கு மாறியவர்கள். அப்படியானால் நீங்கள் எச்-1பி இடங்களுக்கான குலுக்கலில் மறுபடி நிற்க வேண்டியதில்லை. ஆறு வருடத்தில் மிச்சம் இருக்கும் காலத்துக்கு எந்தக் கம்பெனியும் எந்த மாதத்திலும் மனு போடலாம். எச்-4-ல் கழித்த நாட்கள் அந்த ஆறு வருடத்தில் கழியாது. இது தெரியாமல் வருடக்கணக்காக வீட்டில் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விட வேகமான வழி.

அடுத்தது, பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த லாபநோக்கற்ற அமைப்புகளும் ஆராய்ச்சி நிறுவனங்களும். இவர்கள் போடும் எச்-1பி-க்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, குலுக்கலும் கிடையாது. பயோடெக் படித்தவர்கள், பிஎச்.டி. முடித்தவர்கள், புள்ளியியல் தெரிந்தவர்கள் மருத்துவப் பல்கலைக்கழகங்களின் ஆய்வகங்களில் இப்படி நுழைகிறார்கள். சம்பளம் ஐ.டி. அளவுக்கு இருக்காது. ஆனால் மார்ச் வரை காத்திருக்கத் தேவையில்லை.

மற்றவர்களுக்குக் குலுக்கல்தான். வருடத்துக்கு 65,000 இடம், அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு மேலும் 20,000. மார்ச்சில் பதிவு, அக்டோபர் 1 முதல் வேலை. 2026 முதல் இந்தக் குலுக்கல் சமமானது அல்ல. கம்பெனி தரும் சம்பளம் நான்கு நிலைகளில் எதில் விழுகிறதோ, அதற்கேற்ப உங்கள் பெயர் ஒன்று முதல் நான்கு முறை வரை பெட்டிக்குள் போகும். மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு வேலை தேடும் ஒருவருக்குக் கம்பெனி பெரும்பாலும் முதல் அல்லது இரண்டாம் நிலைச் சம்பளம்தான் சொல்லும். ஆகவே எச்-4-ல் இருப்பவர்களுக்கு இந்த வாசல் முன்னைவிடக் குறுகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

2025 செப்டம்பரில் அறிவித்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தைக் கேட்டுப் பலர் இந்த வழியை அடியோடு விட்டுவிட்டார்கள். அமெரிக்காவுக்குள் இருந்தபடி எச்-4-ல் இருந்து எச்-1பி-க்கு நிலை மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று குடியேற்றத் துறை அந்த அக்டோபரிலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை: மனு முடிவாகும்வரை நாட்டை விட்டுப் போகக் கூடாது. ஊரில் வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று நடுவில் ஒரு பயணம் வைத்தால் நிலைமாற்றம் கைவிடப்பட்டதாகிவிடும். பிறகு வெளியிலிருந்து வரும் ஆளாகவே எடுத்துக்கொள்வார்கள், அந்தக் கட்டணமும் வந்து நிற்கும். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை டிக்கெட் போடாதீர்கள்.

என் தங்கைக்கு இதற்கு முன் எச்-1பி இருந்ததில்லை. அவளுக்காகப் பதிவு செய்ய ஒரு கம்பெனி வேண்டும். அவளை நேரில் ஒரு நாள்கூட வேலை வாங்கிப் பார்க்காத கம்பெனி அதற்கு முன்வருவது அரிது. தெரிந்தவர் கன்சல்டன்சி என்று சிலர் பணம் கேட்டார்கள். எச்-1பி மனுக் கட்டணத்தை வேலை பார்ப்பவரிடம் வாங்குவது சட்டப்படி கூடாது. அப்படிக் கேட்டால் அந்த இடத்தைவிட்டு வந்துவிடச் சொன்னேன்.

படிப்பு: எச்-4-லேயே படிப்பதா, எஃப்-1-க்கு மாறுவதா

எல்லாருக்கும் குழப்பம் அதிகமாக இருப்பது இங்கேதான்.

எச்-4-ல் எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கலாம், முழுநேரமாகவோ ஒரு பாடமாகவோ. பல மாநிலங்களில் எச்-4 வைத்திருப்பவர் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் ஒரு வருடம், அங்கே வசித்திருந்தால் உள்மாநிலக் கட்டணத்தில் படிக்கலாம். எஃப்-1 மாணவருக்கு அது பொதுவாகக் கிடையாது. இந்த வித்தியாசம் சிறியதல்ல. கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான், வெளியாளுக்கு அதைப்போலப் பல மடங்கு. எம்.எஸ். என்றால் வெளிமாநிலக் கட்டணத்தில் 40,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

எஃப்-1-ல் கிடைப்பது வேறு. கல்லூரி வளாகத்தில் வாரம் 20 மணி நேர வேலை. படிப்பு முடிந்ததும் ஓ.பி.டி. என்று 12 மாத வேலை அனுமதி. அறிவியல், பொறியியல் பாடமென்றால் மேலும் 24 மாதம். எச்-4-ல் படித்தால் இவை எதுவும் இல்லை. பேராசிரியருக்கு உதவியாளராகக்கூட இருக்க முடியாது.

இரண்டின் நல்லதையும் சேர்த்து எடுக்க ஒரு வழி உண்டு. ஓ.பி.டி.க்கு ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேரமாகப் படித்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. அந்த ஆண்டு முழுவதும் எஃப்-1-லேயே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. எச்-4-ல் முழுநேரமாகப் படித்த நாட்களும் கணக்கில் வரும். ஆகவே முதல் மூன்று செமஸ்டரை எச்-4-ல், உள்மாநிலக் கட்டணத்தில் முடித்து, கடைசி செமஸ்டருக்குள் எஃப்-1-க்கு மாறி, ஓ.பி.டி. எடுக்கலாம். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் இதை முதல் நாளே சொல்லி வையுங்கள். சிலருக்கு இந்த விவரம் தெரியாது, எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

மாறுவது எப்படி என்றால் இங்கிருந்தபடியே நிலை மாற்றக் கேட்கும் ஐ-539 படிவம், அல்லது இந்தியா போய் விசா. ஐ-539-க்கு எத்தனை மாதம் ஆகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் மூன்றாவது செமஸ்டரின் கடைசியில் அல்ல, இரண்டாவது முடிந்ததுமே அனுப்பிவிட வேண்டும். அது நிலுவையில் இருக்கும்போது எச்-4-ல் தொடர்ந்து படிக்கலாம், அதில் தடையில்லை. ஆனால் நாட்டைவிட்டுப் போனால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். ஒப்புதல் வருவதற்குள் பட்டம் முடிந்துவிட்டால் ஓ.பி.டி. கையைவிட்டுப் போகும். இந்த வழியில் அதிகம் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். மாறியதற்குப் பிறகு எஃப்-1-ல் படிக்கும் செமஸ்டருக்குக் கட்டணம் உயரலாம் என்பதையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

கணவரின் ஐ-140 ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் எஃப்-1-க்கு மாறுவதில் இன்னொரு சங்கடம். எஃப்-1 என்பது படித்துவிட்டு ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவருக்கான விசா. குடும்பமே கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறது என்று தெரிந்தால் விசா அதிகாரி மறுக்க இடமிருக்கிறது. ஆனால் அந்த நிலையில் இருப்பவருக்குத்தான் ஈ.ஏ.டி. கதவு திறந்திருக்கிறதே. அவர் எஃப்-1 பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை அனுமதி தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கல்லூரிகள் இருக்கின்றன. பிறகு எச்-1பி மனுவிலும் கிரீன் கார்டிலும் அந்தக் காலத்தைத் தோண்டிக் கேட்கிறார்கள். அதோடு, 20,000 இடங்களுக்கான மாஸ்டர்ஸ் ஒதுக்கீடு அரசு அல்லது லாபநோக்கற்ற, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் பட்டத்துக்கு மட்டும்தான். லாபநோக்குக் கல்லூரியில் 30,000 டாலர் கட்டிய பிறகு இது தெரிந்து என்ன பயன்?

இப்போது தங்கையின் கணக்குக்கு வருகிறேன். 2025 ஜூனில் வந்ததால், 2026 இலையுதிர் செமஸ்டருக்குள் அவளுக்கு ஒரு வருடம் முடிகிறது. டெக்சாஸில் மாநிலவாசியாக விண்ணப்பிக்கலாம். 2026 ஆகஸ்டில் எம்.எஸ். சேர்ந்தால் 2028 மே மாதம் முடியும். ஓ.பி.டி.யில் வேலை தொடங்குவது 2028 கோடை.

ஈ.ஏ.டி. எப்போது வரும் என்று பார்த்தோம்? 2028 நடுவில். இரண்டும் ஒரே நேரம்! இதைக் காகிதத்தில் எழுதிப் பார்க்கும்வரை அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். 'படித்தால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம்' என்ற காரணம் அங்கேயே விழுந்துவிட்டது. அப்படியானால் எம்.எஸ். செய்வதற்கு வேறு காரணம் வேண்டும்.

அவளுக்கு இரண்டு காரணம் இருந்தன. மேனுவல் டெஸ்டிங்கில் ஆறு வருடம், அதுவும் மூன்று வருட இடைவெளியோடு இங்கே எடுபடாது, டேட்டா பக்கம் போக வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்று கனமானது. கணவருக்கு வேலை போனால் 60 நாள்தான் அவகாசம், எச்-4-ம் கூடவே முடிகிறது. மனைவி எஃப்-1-ல் இருந்தால் அவளுடைய நிலை தனியாக நிற்கும், கணவரும் தற்காலிகமாக மாணவரின் துணைக்கான எஃப்-2-க்கு மாறி மூச்சு விடலாம். வீடு ஒரே தூணில் நிற்காது. 2028-ல் இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தாலும், ஒன்று அடைபட்டால் இன்னொன்று இருக்கும். உள்மாநிலக் கட்டணத்தில் கிடைத்தால் சேருவது, கிடைக்காவிட்டால் கம்யூனிட்டி காலேஜில் பைத்தானும் புள்ளியியலும் படித்து ஈ.ஏ.டி.க்கு நிற்பது என்று முடிவு செய்தோம். கடன் வாங்கி எஃப்-1 வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். கிரீன் கார்டு வேலையை ஆரம்பிக்கவே மாட்டோம் என்கிற கம்பெனியில் கணவர் இருந்தால் என் பதில் வேறு. அப்போது படிப்புதான் முதல் வழி, கடன் வாங்கினாலும்.

புறப்படுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது

இன்னும் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலையில் இருப்பவர்கள் ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்.

கணவரை அவருடைய கம்பெனி, தன் ஊழியரை அமெரிக்கக் கிளைக்கு மாற்றும் எல்-1 விசாவில் அனுப்ப முடியுமா? எல்-1-ன் மனைவிக்கு 2021 நவம்பர் முதல் விசா நிலையிலேயே வேலை உரிமை உண்டு. நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94-ல் 'L-2S' என்று இருந்தால் போதும், தனி அட்டைகூட வேண்டாம். இறங்கிய வாரமே வேலைக்குப் போகலாம். எல்-1-ல் கணவர் அதே கம்பெனியை விட்டு நகர முடியாது, ஐந்து அல்லது ஏழு வருடம்தான் எல்லை. அதனால் பலர் பிறகு எச்-1பி குலுக்கலில் பெயர் கொடுத்து, கிடைத்ததும் கொண்டாடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கணவருக்கு அப்படிக் கிடைத்தது. அவர் எச்-1பி ஆன அன்று மனைவி எல்-2-ஐ இழந்து எச்-4 ஆனார். செப்டம்பர் 30 மாலை அலுவலக லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். இப்படி ஆகும் என்று மார்ச்சில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எல்-1 குடும்பங்கள் பதிவு செய்வதற்கு முன்பே மனைவியின் சம்பளத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, நீங்களே எல்-1-ல் வர முடியுமா? அமெரிக்காவில் கிளை உள்ள கம்பெனியில் கடந்த மூன்று வருடத்தில் தொடர்ந்து ஒரு வருடம் வெளிநாட்டில் வேலை பார்த்திருந்தால், மேலாளராகவோ சிறப்பு அறிவு உள்ளவராகவோ உங்களை மாற்றலாம். இதற்காகக் கல்யாணமான முதல் வருடம் பிரிந்திருக்க வேண்டி வரும். அது சின்ன விஷயமில்லை, யாருக்கும் நான் சுலபமாகச் சொல்லமாட்டேன். ஆனால் எச்-4-ல் மூன்று வருடம் உட்காருவதோடு ஒப்பிட்டால், ஒரு வருடப் பிரிவுக்கு ஒத்துக்கொண்டு வேலையோடு வந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவரும் அந்த முடிவைப் பற்றி வருந்தவில்லை.

வழி போலத் தெரியும், வழி அல்ல

இந்தியக் கம்பெனிக்கு இங்கிருந்து ரிமோட்டில் வேலை, சம்பளம் இந்திய வங்கிக் கணக்கில். இதைப் பலர் செய்கிறார்கள், 'அமெரிக்கச் சம்பளம் இல்லையே' என்கிறார்கள். பணம் எங்கே வருகிறது என்பதைவிட, வேலை எந்த மண்ணில் உட்கார்ந்து செய்யப்படுகிறது என்பதைத்தான் குடியேற்ற வழக்கறிஞர்கள் பார்க்கச் சொல்கிறார்கள். வரித் துறையும் அப்படித்தான் பார்க்கும். அதேபோல அபார்ட்மெண்டில் டிபன் செய்து கொடுப்பது, காசு வாங்கிக் குழந்தை பார்த்துக்கொள்வது, வீணை வகுப்பு, யூடியூப் விளம்பரப் பணம் எல்லாம். சிறிய தொகைதானே என்று தோன்றும். பின்னாளில் நிலை மாறும்போதும் கிரீன் கார்டின் கடைசிப் படியிலும் 'அனுமதியில்லாமல் வேலை பார்த்தீர்களா' என்ற கேள்வி வரும். அதற்குப் பொய் சொன்னால் சிக்கல் பல மடங்கு.

வரிக் கணக்குக்காக ஐ.டி.ஐ.என். எண் வாங்கித் தந்துவிட்டால் வேலை பார்க்கலாம் என்று ஒரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. அது கணவரோடு சேர்ந்து வரி தாக்கல் செய்ய மட்டும்தான். ஊரில் இருக்கும் வீட்டின் வாடகை, வைப்புத்தொகை வட்டி, பங்குகளின் லாபம் இவை வேலையாகாது, வாங்கலாம். ஆனால் இங்கே வரிக் கணக்கில் காட்ட வேண்டும். லாபநோக்கற்ற அமைப்பில், எல்லாரும் சம்பளமின்றியே செய்யும் வேலையைத் தன்னார்வமாகச் செய்யலாம். கம்பெனி ஒன்றில் 'முதலில் மூன்று மாதம் சும்மா வேலை பாருங்கள்' என்றால் அது தன்னார்வம் அல்ல.

வீட்டுக்குள்

காத்திருக்கும் வருடங்களில் பணம்தான் அதிகம் உறுத்தும். ஒவ்வொரு முறை கார்டைத் தேய்க்கும்போதும் அவருடைய போனுக்குச் செய்தி போகிறது என்று தங்கை சொன்னாள். அவர் ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் அவள் பன்னிரண்டு டாலர் பூச்சட்டியை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு வந்திருக்கிறாள். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமலேயே பாஸ்போர்ட் வைத்துக் கணக்குத் திறக்கும் வங்கிகள் இருக்கின்றன. அவள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு, மாதம் ஒன்றாம் தேதி அதற்கு ஒரு நிலையான தொகை, அதில் யாருக்கும் செய்தி போகாது. அவள் கணவரிடம் நானே பேசினேன். "தோணவே இல்லைக்கா" என்றார், அந்த வாரமே செய்தார்.

இன்னொன்றை எழுதாமல் விட மனம் வரவில்லை. விசா தன் கையில் இருக்கிறது என்று மிரட்டும், அடிக்கும் கணவர்களும் இருக்கிறார்கள். எச் விசாக்காரரின் மனைவி அப்படிக் கொடுமைக்கு ஆளானால், ஐ-140 இல்லாவிட்டாலும், கணவரின் கையெழுத்து இல்லாமலேயே தனியாக வேலை அனுமதி கேட்கச் சட்டம் இடம் தருகிறது. படிவத்தின் பெயர் I-765V. குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1-800-799-7233. பாஸ்போர்ட், ஐ-94, திருமணச் சான்று மூன்றின் படங்களையும் உங்கள் சொந்த மின்னஞ்சலில், அவருக்குத் தெரியாத கடவுச்சொல்லோடு வைத்திருங்கள்.

தங்கையின் ஃபிரிட்ஜ் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. 2026 ஆகஸ்ட் கல்லூரி. 2027 மே மாதம் ஐ-539. 2028 தொடக்கத்தில் ஐ-140. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வரைந்திருக்கிறாள். மேலே முதல் வரி, 'ஹெச்.ஆர். மின்னஞ்சல், ஜனவரி தொடக்கம்' என்பது. அதற்கு மட்டும் டிக் விழுந்திருக்கிறது.